'சாப்பாட்டுக்கு முன்' என்றால் எவ்வளவு முன்?

'தைராக்ஸின் 50, ஏ.சி., 1–0–0. கிளிமிபிரைடு 1, ஏ.சி., 1–0–0. மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர்., பி.சி., 1–0–1. கால்சியம் 500, பி.சி., 1–0–0. வேளை தவறினால்: டபுள் வேண்டாம்.'

மருந்தாளுநர் ஒருவர் நோயாளியிடம் பேசி முடித்ததும் எழுதிக்கொள்ளும் குறிப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஏ.சி. என்றால் உணவுக்கு முன், பி.சி. என்றால் உணவுக்குப் பின். 1–0–1 என்றால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. தொழிலில் இருப்பவருக்கு இது போதும். ஆனால் வீட்டில் மாத்திரை டப்பாவைத் திறந்து உட்காரும் அம்மாவுக்கு இதில் பாதிகூடப் பயன்படாது. இந்த ஐந்து வரிகளை அவர் படித்து நடந்துகொள்ளும்படியான துண்டறிக்கையாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கெழுத்துகளை விரித்துத் தமிழில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். 58 வயது. தைராய்டு குறைவு, சர்க்கரை, கொஞ்சம் மூட்டு வலி. காலை ஐந்தரைக்கு எழுவார். எழுந்ததும் காபி. எட்டரைக்கு டிபன், ஒரு மணிக்குச் சாப்பாடு, இரவு எட்டரைக்கு மறுபடி டிபன். சனிக்கிழமை காலையில் ஒன்றும் சாப்பிட மாட்டார், விரதம்.

இப்போது குறிப்பைப் பாருங்கள். தைராக்ஸினுக்கும் கிளிமிபிரைடுக்கும் ஒரே 'ஏ.சி.'தான் இருக்கிறது. இரண்டையும் 'காலை உணவுக்கு முன்' என்று துண்டறிக்கையில் எழுதினால், அவர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வார். எப்போது போடுவார் என்பது அவர் எதை உணவு என்று நினைக்கிறார் என்பதைப் பொறுத்தது. நம் வீடுகளில் காபி உணவுக் கணக்கில் வராது. காபி குடித்து அரை மணி ஆன பிறகும் 'நான் இன்னும் வெறும் வயிறுதான்' என்று சொல்பவர்களே அதிகம்.

தைராக்ஸினுக்கு வேண்டியது உண்மையான வெறும் வயிறு. உணவும் காபியும் அது குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை எதுவும் சாப்பிடாமல், காபியும் குடிக்காமல் இருக்க வேண்டும். கிளிமிபிரைடு கதை வேறு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. சுரந்த இன்சுலினுக்கு வேலை கொடுக்க உணவு வந்தாக வேண்டும். அதனால் அதைத் தட்டில் இட்லி வைத்த பிறகு, முதல் வாய்க்குச் சற்று முன் போட வேண்டும். ஐந்தரை மணிக்கே போட்டுவிட்டு எட்டரை வரை சும்மா இருந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம். இப்படி ஒரே 'முன்' ஒரு மாத்திரைக்கு ஒரு மணி நேரமாகவும் இன்னொன்றுக்கு ஒரு நிமிடமாகவும் ஆகிவிடுகிறது.

'பின்' என்பதிலும் இதே கதைதான். மெட்ஃபார்மினை உணவோடு அல்லது உணவு முடிந்த கையோடு போடச் சொல்வது வயிற்றுக்காக. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் பேதியும் வரலாம். பலர் இந்த மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுவதற்கு இந்தத் தொல்லையே காரணம். கால்சியம் கார்பனேட்டை உணவோடு போடச் சொல்வதற்குக் காரணம் வேறு: சாப்பிடும்போது சுரக்கும் அமிலம் அது கரைய உதவுகிறது.

கால்சியத்தில் இன்னொரு பிரச்சினையும் ஒளிந்திருக்கிறது. மருந்துச்சீட்டில் அதுவும் 1–0–0, காலை. ஆனால் கால்சியம் தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். ஐந்தரைக்குத் தைராக்ஸின், எட்டரைக்குக் கால்சியம் என்றால் மூன்று மணி நேரம்தான் ஆகிறது. எல்லா மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்று அளவை ஏற்றிக்கொண்டே போகும் கதைகளில், இப்படி நேரம் இடிப்பதும் ஒரு காரணம். அதனால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. தனித்தனி வரிகளாகக் குறிப்பு எழுதும்போது இந்த மோதல் கண்ணில் படாது. நாலு மாத்திரையையும் ஒரே நாளின் மேல் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே துண்டறிக்கையை மருந்தின் பெயர்ப்படி அடுக்கக் கூடாது என்பது என் கட்சி. அவருடைய நாள்படி அடுக்க வேண்டும். இப்படி:

எழுந்ததும் (5.30): தைராய்டு மாத்திரை, 50 மைக்ரோகிராம், ஒன்று. வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். ஆறரை மணி வரை காபி, டீ, பால் எதுவும் வேண்டாம்.

டிபன் தட்டு முன்னால் வந்ததும் (8.30): கிளிமிபிரைடு 1 மில்லிகிராம், ஒன்று. போட்டவுடன் சாப்பிட ஆரம்பியுங்கள். டிபன் சாப்பிடாத நாளில் இதைப் போடாதீர்கள்.

டிபன் முடிந்ததும்: மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 மில்லிகிராம், ஒன்று. உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்குங்கள்.

மதியச் சாப்பாட்டோடு (1.00): கால்சியம், ஒன்று.

இரவு டிபன் முடிந்ததும் (8.30): மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 மில்லிகிராம், ஒன்று.

'மைக்ரோகிராம்' என்று முழுதாக எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்ரோகிராம் இருக்கிறது. இந்த இடத்தில் சுருக்கி எழுதுவது ஆபத்து.

அடுத்தது, வேளை தவறினால் என்ன செய்வது. இந்திய மருந்தியல் மன்றத்தின 2015ஆம் ஆண்டு விதிமுறைகளே, மருந்தாளுநர் நோயாளிக்குச் சொல்ல வேண்டியவற்றுள் இதையும் சேர்த்திருக்கின்றன. நடைமுறையில் 'டபுள் வேண்டாம்' என்ற ஒரு வரியோடு இது முடிந்துவிடுகிறது. அந்த வரி சரிதான். ஆனால் மறந்துபோன அம்மாவின் கேள்வி 'ரெண்டு போடலாமா?' மட்டுமல்ல. 'இப்போ மணி பதினொண்ணு, இப்போ போடலாமா?' என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்கு ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு பதில்.

தைராக்ஸின் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். இரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் ஒரு நாள் தவறினால் பதற வேண்டியதில்லை. அன்றைக்குள் நினைவு வந்தால், சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆன பிறகு, அடுத்து எதையும் சாப்பிட ஒரு மணி நேரம் இருக்கும்போது போடலாம். மதியம் போட்ட கால்சியத்துக்கும் நான்கு மணி இடைவெளி விட வேண்டும். இவருடைய கணக்கில் மாலை ஆறு, ஆறரை மணி தோதாக வரும். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால், அன்றைய மாத்திரை மட்டும் போதும்.

கிளிமிபிரைடு இதற்கு நேர் எதிர். காலையில் மறந்தால் அன்று விட்டுவிட வேண்டும், மறுநாள் டிபனோடு தொடர வேண்டும். 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று படுக்கப்போகும்போது போட்டால், தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் யாருக்கும் தெரியாமல் போய்விடும். மெட்ஃபார்மின் ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு உரியது மட்டும். கால்சியமும் அப்படியே.

பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள்: இரண்டு வேளைக்கு நடுவே உள்ள நேரத்தில் பாதிக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள், அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிடு என்று. பல மருந்துகளுக்கு இது சரியாக வரும். கிளிமிபிரைடு போல உணவோடு கட்டிப்போட்ட மருந்துகளுக்கும், வாரம் ஒருமுறை மட்டும் போடும் மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றுக்கும் வராது. அதனால் பொது விதியைத் துண்டறிக்கையின் தலையில் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். படிப்பவர் எல்லா மாத்திரைக்கும் அதையே பொருத்திவிடுவார்.

கிளிமிபிரைடு இருக்கும் துண்டறிக்கையில் இன்னும் ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பசி எடுத்து, தலை கிறுகிறுத்தால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். இந்தக் கட்டத்தை அவர் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களும் படித்து வைத்திருக்க வேண்டும்.

எழுதியாயிற்று. இது புரிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 'புரிஞ்சுதாம்மா?' என்று கேட்டால் எல்லாரும் 'புரிஞ்சுது' என்றுதான் சொல்வார்கள். ஐரோப்பாவில் மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த பிறகே அனுமதிக்கிறார்கள். அந்தச் சோதனை முறை ஆஸ்திரேலியாவில் உருவானது. வழக்கமாக இருபது பேரிடம் தாளைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் குறைந்தது பதினாறு பேராவது விடை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சரியாகவும் சொல்ல வேண்டும்.

ஒரு மருந்துக்கடையில் இருபது பேரைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் கேட்கும் விதத்தை எடுத்துக்கொள்ளலாம். 'இன்னிக்குக் காபி குடிச்ச பிறகுதான் தைராய்டு மாத்திரை ஞாபகம் வந்துச்சு. என்ன செய்வீங்கம்மா? இந்தத் தாள்ல எங்க போட்டிருக்கு, காட்டுங்க' என்று கேட்க வேண்டும். விரல் தாள் முழுக்க அலைந்தால், குறை தாளில்தான். அடுத்த கேள்வி: 'சனிக்கிழமை விரதம்னா எந்த மாத்திரையை விடுவீங்க?' இங்கே பெரும்பாலும் இரண்டு விதமான தவறான பதில் வரும். ஒன்று, எல்லாவற்றையும் விட்டுவிடுவேன் என்பது. மற்றொன்று, தண்ணீரோடு எல்லாவற்றையும் போட்டுவிடுவேன் என்பது. சரியான பதில்: தைராக்ஸின் வழக்கம்போல, கிளிமிபிரைடு கிடையாது, மெட்ஃபார்மின் சாப்பிடும் வேளையில் மட்டும். கிளிமிபிரைடு வாரா வாரம் ஒரு நாள் நிற்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் தாளில் சேர்க்க வேண்டும். விரதத்தை மருந்துச்சீட்டில் யாரும் எழுதுவதில்லை. கேட்டால்தான் வெளியே வரும்.

கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வரும் பிராண்டுகள் நம் கடைகளில் நிறைய உண்டு. அப்படிப்பட்ட மாத்திரைக்கு மெட்ஃபார்மினின் விதி பொருந்தாது, கிளிமிபிரைடின் எச்சரிக்கைகள்தான் பொருந்தும். பிராண்டு மாறிய அன்றே மேலே எழுதிய தாளில் பாதி செல்லாது. அளவு மாறினாலும், புதிதாக ஒரு இரும்புச்சத்து மாத்திரை சேர்ந்தாலும் அப்படித்தான். இரும்புச்சத்தும் தைராக்ஸினிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி நிற்க வேண்டியதுதான்.

அதனால் தாளின் தலையில் உங்கள் பெயரும், எழுதிய தேதியும், கடையின் தொலைபேசி எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இது உங்களுக்காக எழுதியது, இதே மாத்திரை போடும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள். மருந்துச்சீட்டு மாறியதும் பழைய தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, புதியது எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.