மூன்று நிமிடத்தில் ஒரு வீட்டுக் கணக்கு

குறைந்த வாடகைக்கு வாட்டர் பியூரிஃபையர் தரும் தொழிலை மாணவர் ஸ்டார்ட்அப் போட்டியில் விளக்க, பெரும்பாலும் மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அதில் முதல் நிமிடத்தை நாட்டின் குடிநீர்ப் பஞ்சத்துக்கே கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. பஞ்சம் நடுவர்களுக்குத் தெரிந்ததே. மாத வாடகையில் இந்த மெஷின் தன் விலையை எப்போது மீட்கும் என்பதைத்தான் அவர்கள் கேட்கப்போகிறார்கள். ஆகவே பேச்சை ஒரு வீட்டிலிருந்து தொடங்குவது நல்லது:

“வணக்கம். சென்னைப் புறநகரில் நான்கு பேர் உள்ள ஒரு வாடகை வீடு. குழாயில் வருவது போர் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் இரண்டு நாளுக்கு ஒரு கேன். கேன் 35 ரூபாய் என்றால் மாதம் 525 ரூபாய். சொந்தமாக மெஷின் வாங்க இவர்களுக்குத் தயக்கம். எப்போது வீடு மாறுவோம் என்று தெரியாது. அவர்களுக்கு நாங்கள் மாதம் 350 ரூபாய்க்கு ஆர்.ஓ. மெஷின் தருகிறோம். ஃபில்டரும் சர்வீஸும் எங்கள் செலவு.”

இதுவரை இனிமையாக இருக்கும். அடுத்து உள்கணக்கு. மெஷின் 6,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஃபில்டர்கள் 1,000. இரண்டு ஆண்டு உழைக்கும் 1,500 ரூபாய் மெம்பிரேனில் ஓராண்டுப் பங்கு 750. நான்கு முறை ஆள் போய்வர 600. மொத்தம் 2,350. ஆண்டு வாடகை 4,200. மிச்சம் 1,850. மெஷின் விலை திரும்ப மூன்றரை ஆண்டு ஆகும். வாங்கிவைத்த டெபாசிட்டை வருமானத்தில் சேர்த்து இந்தக் காலத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது. அது திருப்பித் தரவேண்டிய கடன். நல்ல நடுவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இந்தக் கணக்கை உடைப்பது தண்ணீர்தான். கரைந்திருக்கும் உப்புகளின் அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. கடினத்தன்மை மிகுந்த தண்ணீரில் சுண்ணாம்புப் படிவு மெம்பிரேனை அடைத்துவிடும். இரண்டு ஆண்டு வரவேண்டியது ஓராண்டில் போனால், மிச்சம் 1,100 ரூபாயாகச் சுருங்கும். விலை மீள ஏறக்குறைய ஆறு ஆண்டு. அதற்குள் மோட்டாரே மாற்ற வேண்டிவரலாம். இடையில் குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்து, மெஷின் இரண்டு மாதம் சும்மா கிடந்தால் 700 ரூபாய் வாடகையும் போகும்.

அதனால் பேச்சின் நடுப்பகுதி இப்படி வரவேண்டும்: “மெஷினை மாட்டுவதற்கு முன்பு தண்ணீரைச் சோதிப்போம். டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தரமாட்டோம், கிருமியைத் தடுக்கும் யூ.எஃப். ஃபில்டரைக் குறைந்த வாடகைக்குத் தருவோம். 1,500-க்கு மேல் போனால் வாடகை 450.” கேன் செலவைவிட இதுவும் குறைவு, ஆண்டுக்கு 1,200 ரூபாய் கூடுதலாக வருவதால் முதல் மூன்று ஆண்டுக்குள்ளேயே மீளும். யூ.எஃப். உப்பை நீக்காது, ஆனால் தண்ணீரை வீணாக்காது. ஆர்.ஓ.வில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவாகப் போகும். உப்பு குறைந்த தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னதற்கு இந்த விரயமே காரணம். கழிவு நீரைத் தனி வாளியில் பிடித்து, தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம் என்பதை நடுவர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மெம்பிரேன் கெட்டதை எப்படி அறிவீர்கள் என்ற கேள்வியும் நிச்சயம் வரும். உள்ளே போகும் தண்ணீர் 1,200, வெளியே வருவது 80 என்று முதல் நாளே குறித்துவைக்க வேண்டும். உள்ளே அதே 1,200 இருக்க, வெளியே 250-ஐ நெருங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆனால் டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது. மீட்டரில் 80 காட்டும் தண்ணீரிலும், சுத்தம் செய்யாத டேங்க் வழியாகக் கிருமி இருக்கலாம். தண்ணீர் ஊற்றி வைத்தால் மாசிருக்கும்போது கறுத்துப்போகும் எச்2எஸ் சோதனைக் குப்பியை ஒவ்வொரு சர்வீஸிலும் வைக்க வேண்டும். குடிக்கும் குழந்தையின் உடம்பு சம்பந்தப்பட்ட இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கடைசி அரை நிமிடம் பணம் கேட்பதற்கு: “எங்களுக்கு 2.5 லட்சம் ரூபாய் வேண்டும். 30 மெஷினுக்கு 1,95,000. மீதி 55,000 உதிரி மெம்பிரேன், மீட்டர், சோதனைக் குப்பிகளுக்கு. ஓராண்டு கழித்து மூன்று எண்களுடன் வருவோம்: எத்தனை மெம்பிரேன் மாற்றினோம், எத்தனை வீடு காலியானது, எத்தனை குப்பி கறுத்தது.”