"விலை கொஞ்சம் கூடுதல்" என்ற பதிலுக்குப் பின்னால்

கொட்டேஷன் கைநழுவிய பிறகு காரணம் கேட்டால், வாடிக்கையாளர் வழக்கமாகச் சொல்வது "விலை கொஞ்சம் கூடுதல்" என்பதுதான். அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் யார் மனமும் நோகாமல் பேச்சை அத்தோடு முடித்துவைக்க அதைவிட வசதியான பதில் இல்லை.

"எங்களை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் தன் முடிவுக்கு நியாயம் சொல்ல வேண்டியவராகிவிடுகிறார். மறுபடி பேரம் பேச வந்திருக்கிறார்களோ என்ற சந்தேகமும் எழும். அதனால் வேலை மற்றவருக்கு உறுதியான ஒரு வாரத்துக்குள், "முடிவை மாற்றச் சொல்லவில்லை, அடுத்த கொட்டேஷனைத் திருத்திக்கொள்ளத்தான் கேட்கிறோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பத்து நிமிடம் போனில் பேசுவது நல்லது. எழுத்தில் கேட்டால் பதிலும் பூசி மெழுகித்தான் வரும்.

நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வெளிப்பூச்சு வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கான்ட்ராக்டர் 19 லட்சம் ரூபாய் கேட்டிருந்தார். வேலை இன்னொருவருக்குப் போனது. சங்கச் செயலாளரும் விலையைத்தான் சொன்னார். "கமிட்டியில் எங்கள் பேப்பரைப் பார்த்தபோது எந்த இடத்தில் பேச்சு நின்றது?" என்று கான்ட்ராக்டர் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வித்தியாசம் வெறும் 40,000 ரூபாய். எந்தப் பக்கம் முதலில் சாரம் கட்டுவார்கள், எத்தனை நாள் ஜன்னலைத் திறக்க முடியாது, கார்களை எங்கே நிறுத்துவது என்று உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள். இவருடைய கொட்டேஷனில் "60 நாளில் முடித்துத் தரப்படும்" என்ற ஒரு வரிதான் இருந்தது. மற்றவர் தேதிவாரியாக ஒரு பக்க அட்டவணை இணைத்திருந்தார். இத்தனைக்கும் இவர் இதையெல்லாம் செயலாளரிடம் வாய்வார்த்தையாக விளக்கியிருந்தார். முடிவெடுத்தவர்கள் பார்த்தது காகிதத்தை மட்டும்.

இந்த இடத்தில் "அதைத்தான் அன்றைக்கே சொன்னேனே" என்று வாய் வரை வரும். சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். குறித்துக்கொண்டு, "வேறு ஏதாவது உறுத்தியதா?" என்று கேட்பதே பலன் தரும். போட்டியாளரின் விலைப்பட்டியலை மட்டும் கேட்கக் கூடாது. தானாகச் சொன்னால் வேறு விஷயம்.

சில சமயம் எவ்வளவு பக்குவமாகக் கேட்டாலும் ஒன்றும் கிடைக்காது. மூன்று கொட்டேஷன் கணக்குக்காக மட்டும் கூப்பிட்டிருப்பார்கள். கொடுத்த நாளிலிருந்து ஒரு சந்தேகம்கூட யாரும் கேட்கவில்லை, இடத்தைப் பார்க்க வரச் சொல்லவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான் கதை.

அரசு டெண்டரில் நிலைமை வேறு. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளின்படி, டெண்டர் நிராகரிக்கப்பட்டவர் விசாரித்தால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே எழுத்துமூலம் கேட்பதுதான் முறை.