கட்டை விரலுக்கு அடியில் பதினாறு

வெங்காய வேரின் நுனியை நறுக்கி அப்படியே மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் குரோமோசோம் தெரியாது. வெளிறிய குச்சி ஒன்றுதான் தெரியும். உள்ளே செல்கள் அடுக்கடுக்காக நெருங்கிக் கிடப்பதால் ஒன்றை இன்னொன்று மறைக்கும். அந்தக் குச்சியை ஒரே ஒரு செல் கனத்துக்குப் பரப்பிவிட்டால் வேலை முடிந்தது. பரப்புவது கட்டை விரல். விரல் அழுத்தும்போது செல்கள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று நழுவும்படி செய்வது அமிலம். தாவரவியல் ஆய்வகத்தில் இதற்கு ஸ்குவாஷ் என்று பெயர். நசுக்குவது என்றே சொல்லலாம்.

வெங்காயத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அதன் ஒவ்வொரு உடல் செல்லிலும் குரோமோசோம்கள் 16தான். ஒவ்வொன்றும் நல்ல பெரியது. சின்ன வெங்காயமும் பெல்லாரியும் இதில் ஒன்றே. பழைய வேரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடும்படி ஒரு டம்ளர் வாயில் உட்கார வைத்தால், இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும். வேர் முழுவதிலும் செல்கள் பிரிவதில்லை. நுனியிலிருந்து ஒன்று இரண்டு மில்லிமீட்டருக்குள்தான் அந்த மும்முரம். அதற்கு மேலே இருப்பவை பிரிவதை நிறுத்திவிட்டு நீண்டுகொண்டிருப்பவை.

ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய வேரை உடனே மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட வேண்டும். செல்கள் அந்தக் கணத்தில் எந்த நிலையில் இருந்தனவோ அதே நிலையில் உறைந்துபோகும். ஒரு நாள் ஊறியபின் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும்.

இனிதான் அமிலம். தாவர செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. பழப்பாகை ஜாமாக உறைய வைப்பதும் இதுதான். சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலம் இந்தப் பசையைக் கரைக்கிறது. தேவைப்படுவது ஒரு நார்மல் அடர்த்தி, அதாவது அடர் அமிலம் ஒரு பங்குக்கு 11 பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் தெறிக்கும். ஒரு வாட்ச் கிளாஸில் ஒன்பது சொட்டு அசிட்டோ ஆர்சீன் சாயமும் ஒரு சொட்டு இந்த அமிலமும் விட்டு, வேர்களைப் போட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் லேசாகக் காட்டி எடுப்பார்கள். ஆவி கிளம்பியதும் இறக்கிவிட வேண்டும். ஆறவிட்டு மறுபடி காட்ட வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தபின் மூடி வைத்துவிட்டு கால் மணி நேரம் போல் காத்திருக்க வேண்டும். இப்படிச் செய்தால் மிருதுவாவதும் சாயம் ஏறுவதும் ஒரே வேலையாக முடிகிறது.

நான் முதல்முறை செய்தபோது பொறுமையில்லாமல் கொதிக்க விட்டேன். சாயம் சுண்டி, கண்ணாடி ஓரத்தில் கறுப்புத் துகளாகப் படிந்தது. ஸ்லைடில் நான் குரோமோசோம் என்று காட்டியதெல்லாம் அந்தத் துகள்கள். ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, குரோமோசோம் செல்லுக்குள்ள இருக்கும். உன்னுது வெளியிலயும் இருக்கே” என்றார். இன்றைக்கும் அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

ஆர்சீன் பிறந்த இடம் ஆய்வகம் அல்ல. பாறைகளில் படரும் சில லைக்கன்களை அம்மோனியாவில் ஊறவைத்துக் காற்றுபட விட்டால் ஊதா நிறம் பிறக்கும். அதைத் துணிக்குச் சாயமாக ஏற்றிய பழக்கம் ஐரோப்பாவில் பழையது. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் இருந்த லா கூர், 1941இல் இதை அசிட்டிக் அமிலத்தில் கரைத்துக் குரோமோசோமுக்குப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள் அந்த ஆண்டுகளில் அதே நிறுவனத்தில்தான் வேலை பார்த்தார்.

சாயத்திலிருந்து எடுத்த வேரைப் பார்த்தால் நுனி மட்டும் கரும் ஊதாவாக இருக்கும். அங்கே செல்கள் சிறியவை, உட்கருக்கள் நெருக்கமாக இருக்கும். அதனால் சாயம் திரண்டு தெரிகிறது. அந்தக் கறுத்த பகுதியை மட்டும் பிளேடால் வெட்டி, 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டில் வைத்து, மற்றதை எறிந்துவிட வேண்டும். மனசு வராமல் நீள வேரையும் சேர்த்து வைப்பவர்களின் ஸ்லைடில் நீட்டு நீட்டான செல்கள் நிறைந்து, பிரிகிற செல் ஒன்றைத் தேடியே கண் வலித்துப்போகும்.

கவர் ஸ்லிப்பை மூடி, ஊசியின் கட்டைப் பக்கத்தால் மெல்லத் தட்ட வேண்டும். பதம் இங்கே தெரிந்துவிடும். பருப்பு வெந்ததா என்று விரலிடையில் நசுக்கிப் பார்ப்போமே, அதே சங்கதி. சரியாக மிருதுவான நுனி தட்டத் தட்ட மேகம்போல் விரியும். வேகாத நுனி கட்டியாகவே நிற்கும். மேலும் அழுத்தினால் கண்ணாடிதான் உடையும். அந்தக் கட்டியை ஸ்லைடில் வைத்துத் திருத்த முயல்வதைவிட மீதி வேர்களை இன்னும் சில நிமிடம் அமிலத்தில் விடுவதே மேல். அளவு மீறி வெந்திருந்தால் தட்டுமுன்பே கூழாகிவிடும். பரப்பினால் செல்கள் அழகாக விலகியிருக்கும், ஆனால் குரோமோசோம் வெளிறிப்போயிருக்கும். அமிலம் பசையோடு நிற்காமல் டி.என்.ஏவையும் அரித்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசியில் ஸ்லைடை வடிதாளுக்கு நடுவில் மடித்து வைத்துக் கட்டை விரலால் நேர்க்கீழாக அழுத்த வேண்டும். கவர் ஸ்லிப் ஒரு மயிரிழைகூடப் பக்கவாட்டில் நகரக் கூடாது. நகர்ந்தால் செல்கள் உருண்டு, குரோமோசோம்கள் ஒரே திசையில் இழுபட்ட நூலாகத் தெரியும். எல்லாச் செல்லும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் விரல் வழுக்கியது என்று சொல்லிவிடலாம்.

இப்படிச் செய்த ஸ்லைடில் செல் பிரியும் கட்டங்களைப் பார்த்துவிடலாம். குரோமோசோம்களை எண்ணுவதுதான் கஷ்டம். அவை நடுவில் வரிசை கட்டும்போது பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தெரியும், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். அதனால் எண்ண விரும்புகிறவர்கள், வேரை ஆல்கஹால் கலவையில் போடுமுன் சில மணி நேரம் கால்ச்சிசின் கரைசலில் வைப்பார்கள். குரோமோசோம்களை இழுத்துப் பிடிக்கும் இழைகள் உருவாகாமல் அது தடுத்துவிடும். வரிசை கட்ட முடியாமல் அவை குட்டையாகச் சுருங்கி, சிதறி நிற்கும். பிறகு விரல் அழுத்தும்போது தட்டில் கொட்டிய குச்சிகள்போல் விலகிவிடும்.

மனித குரோமோசோம் விஷயத்தில் நடந்ததும் இதுதான். 1923இல் பெயின்டர், மெல்லிய சீவல்களாக அறுத்த திசுவைப் பார்த்து 48 என்று எண்ணினார். முப்பது ஆண்டுகள் அதுவே பாடப்புத்தகத்தில் இருந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் கால்ச்சிசின் கொடுத்து, செல்களை நீரில் உப்பவைத்து, நசுக்கிப் பரப்பிப் பார்த்தார்கள், 46தான் இருந்தது. அதை 1956இல் வெளியிட்டார்கள். லெவான் அதற்கு முன் கால்ச்சிசினைச் சோதித்துப் பழகியது வெங்காய வேரில்.

நசுக்குவதற்கும் ஒரு குறை உண்டு. விரல் சற்றுக் கூடுதலாக அழுத்தினால் செல் சுவர் கிழிந்து ஒரு குரோமோசோம் பக்கத்துச் செல்லின் எல்லைக்குள் போய் விழும். இந்தச் செல்லில் 15 வரும், அந்தச் செல்லில் 17. அதனால் ஒரே செல்லை எண்ணிவிட்டு நோட்டில் எழுதக் கூடாது. விளிம்பு கிழியாத, ஒன்றன்மேல் ஒன்று விழாத பத்துப் பதினைந்து செல்களைத் தேடிப் பிடித்து எண்ண வேண்டும். அதில் திரும்பத் திரும்ப 16 வந்தால் எழுதலாம்.