உங்களுக்குத் தெரியுமா? 54 மீட்டர் ஏறும் நீர்

1975 ஜூலையில் தீப்பற்றிய சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் சுமார் 54 மீட்டர். அந்த உயரத்துக்கு நீரைத் தூக்க மட்டுமே 5.4 பார் அழுத்தம் வேண்டும். 10 மீட்டருக்கு ஏறத்தாழ 1 பார் என்பது கணக்கு. உச்சி மாடி லேண்டிங் வால்வில் 3.5 பார் மிஞ்ச வேண்டும். அப்போதுதான் குழாய் முனையிலிருந்து நீர் பீய்ச்சியடிக்கும். ஆக, கீழே பம்ப் தரவேண்டியது ஏறக்குறைய 9 பார். குழாய் உராய்வில் போவது தனி. 15 மீட்டர் உயர விடுதி என்றால் 5 பாரே போதும்.

இப்படி நீரேற்றும் ரைசர் குழாய் இரு வகை. வெட் ரைசரில் நீர் எப்போதும் அழுத்தத்தோடு நிற்கும். வால்வைத் திறந்து அழுத்தம் இறங்கியதும் பம்ப் தானே ஓடும். டிரை ரைசர் காலிக் குழாய். தீயணைப்பு வண்டி வந்து, தரைமட்ட இன்லெட்டில் ஹோஸ் பூட்டி நீரேற்ற வேண்டும். ஏதாவது ஒரு மாடியில் வால்வு திறந்தே கிடந்தால் நீர் அங்கேயே கொட்டிவிடும். உச்சியில் அழுத்தம் வராது. இதைத் தடுக்க, எல்லா மாடி வால்வுகளும் மூடியுள்ளனவா என்று தவறாமல் சோதிக்க வேண்டும்.

150 மி.மீ. குழாய் 54 மீட்டர் ஏறினால், உள்ளே நிற்கும் நீர் மட்டும் சுமார் 950 கிலோ. குழாயின் எடையும் கிட்டத்தட்ட அதே அளவு. இந்தச் சுமையை அடிவளைவின் கீழுள்ள கான்கிரீட் பீடம் தாங்க வேண்டும். மாடிதோறும் உள்ள கிளாம்ப் குழாயை அசையாமல் பிடிக்கும். டிரை ரைசரில் நீர் திடீரெனப் பாய்வதால் உதைப்பு அதிகம். கிளாம்ப் போல்ட் தளர்ந்திருந்தால், சுவர் ஓரத்தில் பெயின்ட் உரிந்த தேய்மான வளையம் காட்டிக்கொடுக்கும்.