உள்நுழைவுப் பக்கம் வரவில்லையா?

ஹோட்டல் அறையில் வைஃபை இணைந்துவிட்டது. ஆனால் அறை எண் கேட்கும் பக்கம் மட்டும் வரவே இல்லை. பலருக்கும் பழகிய எரிச்சல் இது.

வைஃபையில் சேர்ந்ததும் போன் பூட்டில்லாத, அதாவது http என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். ஹோட்டலின் கருவி அதை வழிமறித்துத் தன் பக்கத்தைக் காட்டும். https தளங்களை அப்படி மறிக்க முடியாது. பாதுகாப்பு எச்சரிக்கைதான் வரும். விபிஎன் அல்லது பிரைவேட் டிஎன்எஸ் இயங்கினாலும் பக்கம் வராமல் போகலாம். அவற்றை நிறுத்திவிட்டு, பிரவுசரில் இதைத் தட்டுங்கள்:

```
http://neverssl.com
```

பெரும்பாலும் பக்கம் வந்துவிடும். உள்ளே நுழைந்ததும் விபிஎன்னை மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

சரி, நுழைந்த பிறகும் ஆமை வேகமா? காலையிலும் இரவிலும் வேகத்தை அளந்து பாருங்கள். எப்போதும் 2 எம்பிபிஎஸ் அளவிலேயே நின்றால், அது பெரும்பாலும் ஹோட்டல் ஒவ்வொரு கருவிக்கும் வைத்த வரம்பு. வரவேற்பறையில் கேட்பதுதான் வழி. காலையில் 20, இரவில் 1 என்று ஏறி இறங்கினால் நெரிசல். அப்போது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் அதற்கு மாறுங்கள். அதன் அலை சுவரைத் தாண்டச் சிரமப்படும். கதவருகே உட்கார்ந்தால் சிக்னல் கூடலாம்.

போன் பின்னணியில் புகைப்படங்களை ஏற்றிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். இருக்கும் கொஞ்ச வேகத்தையும் அதுவே தின்றுவிடும்.