வழுக்கிச் சேர்தலும் துணிந்து சேர்தலும்

'துணிதல்' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. வெட்டுண்ணுதல் என்பது ஒன்று. முடிவு செய்தல் என்பது மற்றொன்று. நெடிய நெசவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதைத் 'துணி' என்கிறோம். ஐயம் நீங்கி உறுதி கொள்வதைத் 'துணிபு' என்கிறோம். முடிவெடுத்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் 'வெட்டி நீக்குதல்' என்னும் பொருளிலிருந்தே பிறந்ததாகும். தொடர்பற்ற இரு மொழிகளும் ஒரே உண்மையைக் கண்டுள்ளன. ஒன்றைத் தேர்வது என்பது, தேராத மற்றவற்றைத் தெரிந்தே துண்டித்துவிடுவதாகும்.

ஆயின், வாழ்வின் பெரும் பிணைப்புகள் யாவும் இவ்வாறு துணிந்து ஏற்கப்பட்டவை அல்ல. எவ்வித முடிவும் எடுக்காமலேயே, சிறு சிறு அடிகளாக நழுவிச் சென்று, ஒரு நாள் திரும்பிப் பார்க்கையில் கட்டுண்டு கிடப்பதும் உண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது எங்ஙனம்? அவ்வேறுபாடு பிற்காலத்தில் ஏன் பொருட்படுத்தத் தக்கதாகிறது? இவ்வினாக்களை ஆண்–பெண் உறவை முன்வைத்து ஆழமாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்க உளவியலார் சிலர். அவர்தம் ஆய்வின் சாரத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வு எழுந்த சூழல்

அமெரிக்காவில் திருமணத்திற்கு முன்னரே ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் கூடி வாழ்வது பெருவழக்காகிவிட்டது. மணந்தபின் பிரிய நேராதவாறு முன்கூட்டியே ஒருவரையொருவர் சோதித்துக் கொள்ள இது உதவும் என்று பலர் நம்பினர். ஆனால், பல பத்தாண்டுகளாகக் கிடைத்த புள்ளிவிவரங்கள் இந்நம்பிக்கைக்கு ஆதரவு தரவில்லை. முன்னரே கூடி வாழ்ந்து மணந்தோரிடையே மணமுறிவு குறையவில்லை. பல ஆய்வுகளில் அது கூடுதலாகவே காணப்பட்டது.

இப்புதிரை விடுவிக்க முயன்றோருள் கொலராடோ மாநிலத்து டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் ஸ்டான்லி, கலீனா ரோட்ஸ், ஹோவர்ட் மார்க்மன் ஆகிய மூவர் குறிப்பிடத்தக்கவர்கள். 2006ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். கூடி வாழ்ந்தார்களா என்பதைவிட, அந்நிலைக்கு வழுக்கி வந்தார்களா, முடிவெடுத்து வந்தார்களா என்பதே உசாவத்தக்கது என்பது அவ்விளக்கத்தின் உயிர்நாடியாகும்.

இதற்கு முந்திய ஆண்டில், வெண்டி மேனிங், பமேலா ஸ்மோக் என்னும் இரு சமூகவியலார், ஒகையோ மாநிலத்து டொலீடோ நகரில் இளைஞர்களை நேரில் கண்டு விரிவாக வினவி எழுதிய ஆய்வும் இதனை உறுதிப்படுத்தியது. எப்போது கூடி வாழத் தொடங்கினீர்கள் என்ற எளிய வினாவுக்கே பலரால் திட்டமாக விடை கூற இயலவில்லை. சில இரவுகள் தங்கினர்; பின்பு சில உடைகள் வந்து சேர்ந்தன; பின்பு வாடகைக்கு எடுத்த மற்றொரு வீடு வெறுமனே கிடந்தது. தொடங்கிய நாள் என்று ஒன்று இல்லை.

பற்றும் தளையும்

டென்வர் ஆய்வாளர்களின் விளக்கத்தைப் புரிந்துகொள்ள, பிணைப்பு என்பதன் இரு கூறுகளைப் பிரித்தறிதல் வேண்டும். 'இவரோடு என் எதிர்காலத்தை அமைக்க விரும்புகிறேன். அதன்பொருட்டுச் சிலவற்றை விட்டுக்கொடுக்கவும் ஒருப்படுகிறேன்' என்னும் உள்ளத்து விழைவு ஒரு கூறு. இதனைப் பற்று எனலாம். பிரிந்து செல்வதைக் கடினமாக்கும் புறக் காரணங்கள் மற்றொரு கூறு. இவற்றைத் தளை எனலாம். கூட்டு வாடகை ஒப்பந்தம், சேர்ந்து வாங்கிய பொருள்கள், பொதுக் கடன், குழந்தை, இருவருக்கும் பொதுவான நண்பர் வட்டம் ஆகியன தளைகள்.

தளை தீயதன்று. நிலைத்த இல்லறம் எதிலும் தளைகள் உண்டு. கடினமான ஒரு பருவத்தில் அவசரப்பட்டுப் பிரிந்துவிடாமல் காப்பதும் அவையே. சிக்கல் வரிசையில்தான் உள்ளது. துணிந்து சேர்பவர்களிடம் பற்று முதலில் தோன்றி, அதன்பின் அவர்கள் தளைகளைத் தாமே விரும்பி ஏற்கின்றனர். வழுக்கிச் சேர்பவர்களிடமோ தளைகள் முதலில் ஏறிவிடுகின்றன. பற்று உறுதிப்பட்டதா என்னும் வினா பின்னரே எழுகிறது, அல்லது எழாமலே போகிறது. அசையும் பொருள், தடுக்கும் விசை இல்லாதவரை அசைந்துகொண்டே இருக்கும் என்னும் இயற்பியல் விதியை நினைவூட்டி, இதனை உறவின் 'நிலைமம்' என்று அவர்கள் குறித்தனர்.

ஓர் எடுத்துக்காட்டு

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஓர் அமெரிக்க நகரில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தனித்தனி வீடுகளில் வாழ்கின்றனர் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் மாதம் 1,200 டாலர் வாடகை தருகின்றனர். பழகிய நான்காம் மாதத்தில் பெண்ணின் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. "பெரும்பாலும் இங்கேதானே இருக்கிறாய், இரண்டு வாடகை எதற்கு?" என்கிறான் அவன். இருவரும் 1,600 டாலருக்குச் சற்றுப் பெரிய வீட்டை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுக்கின்றனர். ஆளுக்கு 800 டாலர். மாதம் 400 டாலர் மிச்சம். மறுப்பதற்குக் காரணமே இல்லாத நல்ல ஏற்பாடு. ஆனால், இவ்வுரையாடலில் பேசப்பட்டது வாடகை மட்டுமே, எதிர்காலம் பேசப்படவில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. கட்டிலும் நாற்காலிகளும் தவணையில் வருகின்றன. ஒரு நாயும் வளர்கிறது. பதினெட்டாம் மாதத்தில் அவளுக்கு ஓர் ஐயம் தோன்றுகிறது. நான்காம் மாதத்தில் இந்த ஐயம் தோன்றியிருந்தால், சந்திப்பதை நிறுத்துவதோடு யாவும் முடிந்திருக்கும். இப்போது விலக வேண்டுமாயின், புது வீட்டிற்கு முதல் மாத வாடகை 1,200, முன்பணம் 1,200 என 2,400 டாலர் உடனே வேண்டும். அதன்பின் மாதந்தோறும் 400 டாலர் கூடுதல் செலவு. தவணைக் கடனை யார் தீர்ப்பது, நாய் யாரிடம் இருப்பது என்னும் வழக்குகள் வேறு. எனவே அவள் ஐயத்தை ஒத்திவைக்கிறாள். நான்காம் ஆண்டில் உற்றார் 'எப்போது திருமணம்?' என்று கேட்கின்றனர். மறுக்க வலுவான காரணம் இல்லாமையால் மணம் நிகழ்கிறது. கூடி வாழாதிருந்தால் இவ்விருவரும் மணந்திருக்கமாட்டார்கள் என்பதே இங்குக் காணத்தக்கது. அவர்களைத் திருமணம் வரை கொண்டு சேர்த்தது விழைவன்று, நிலைமமே.

பிற்கால விளைவு

இவ்விளக்கம் மெய்யானால் ஒன்றை எதிர்பார்க்கலாம். மண உறுதிக்கு முன்பே கூடியவர்களும், மண உறுதி செய்துகொண்டபின் கூடியவர்களும் வேறுபட வேண்டும். ஏனெனில், பின்னவர்கள் எதிர்காலம் பற்றிய உடன்பாட்டை வெளிப்படையாகக் கூறிய பின்னரே தளைகளை ஏற்றவர்கள். 2009ஆம் ஆண்டு இம்மூவரும் வெளியிட்ட ஆய்வில், மணமாகிப் பத்தாண்டுக்கு உட்பட்ட 1,050 பேர் வினவப்பட்டனர். தம் மணவாழ்வில் எப்போதாவது மணவிலக்குப் பேச்சை எடுத்தவர்கள், மண உறுதிக்கு முன் கூடியோருள் ஏறத்தாழ 19 விழுக்காடு. மண உறுதிக்குப் பின் கூடியோருள் 12 விழுக்காடு. மணத்திற்குப் பின்னரே கூடியோருள் 10 விழுக்காடு. 2010க்கும் 2019க்கும் இடையில் மணந்தோரைப் பற்றி ஸ்டான்லியும் ரோட்ஸும் 2023இல் வெளியிட்ட அறிக்கையிலும் இதே போக்குக் காணப்பட்டது. மண உறுதிக்கு முன் கூடியோரின் மணங்களுள் 34 விழுக்காடும், மற்றவர்களின் மணங்களுள் 23 விழுக்காடும் முறிந்திருந்தன.

மற்றொரு விளைவு நுட்பமானது. பேசாது சேர்ந்த இருவரும் ஒரே நிலையில் நிற்பதாக எண்ணிக்கொள்வர். உண்மையில் ஒருவர் இதனை மணத்தின் முதற்படியாகவும், மற்றவர் வாடகை மிச்சமாகவும் கருதியிருக்கலாம். மண உறுதிக்கு முன் கூடி வாழ்ந்த ஆண்கள், மணந்தபின்னும் தம் மனைவியரைவிடப் பற்றில் குறைந்தவர்களாக இருந்தனர் என்பதை 2006இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டிற்று. நல்ல காலத்தில் இவ்வேற்றுமை வெளித்தெரியாது. வேலைக்காக ஊர் மாறுவதா, நோயுற்ற பெற்றோரை உடன்வைத்துக் காப்பதா என்பன போன்ற, ஒருவர் இழந்தே ஆக வேண்டிய வேளைகளில்தான் அது வெளிப்படும். துணிந்தவருக்கு அவ்விழப்பு தாம் தேர்ந்த வழியின் விலை. வழுக்கியவருக்கோ அது தாம் கேளாத சுமை.

முடிவின் எல்லை

இவ்வாய்வுகளை அளவுக்கு மீறிப் பொருள்கொள்ளலாகாது. இவை தொடர்பைக் காட்டுவன. காரணத்தை ஐயமற நிறுவுவன அல்ல. இளமை, வறுமை, பெற்றோரின் மணமுறிவு முதலியன ஒருவரை விரைந்து கூடி வாழவும் தூண்டலாம். பின்னர் முறிவுக்கும் காரணமாகலாம். 2014இல் ஏரியல் கூப்பர்பெர்க் என்னும் சமூகவியலார், எந்த வயதில் கூடி வாழத் தொடங்கினர் என்பதைக் கணக்கில் கொண்டால் இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி மறைகிறது எனக் காட்டினார். முன்னரே கூடியோரிலும் பெரும்பாலோரின் மணங்கள் முறியவில்லை என்பதையும் மேற்கண்ட எண்களே கூறுகின்றன.

வேறுபடுத்தி அறிதல்

ஒருவர் தம் பிணைப்பு எவ்வகையது என்பதை எங்ஙனம் அறிவார்? நான்கு வினாக்கள் போதும். முடிவெடுத்த நாள் ஒன்று நினைவில் உள்ளதா? அன்று 'வேண்டாம்' எனக் கூறவும் வாய்ப்பு மெய்யாகவே இருந்ததா? தேர்ந்ததனால் எதனை விடுகிறோம் என்பது சொல்லப்பட்டதா? இருவரையும் தனித்தனியே கேட்டால், உடன்பாடு இன்னதென்று ஒரே விடை வருமா? நான்கினுள் இரண்டாவதே தலையாயது. மறுப்பதற்கான வழி அடைபட்டபின் கூறும் 'ஆம்' வெறும் ஒலியாகிவிடுகிறது.

நம் நாட்டில் பெரியோர் கூடிப் பேசி முடிக்கும் மணங்களுக்கு அமெரிக்க எண்கள் பொருந்தா. ஆயினும் நான்கு வினாக்களும் பொருந்தும். தொல்காப்பியம் கற்பினைக் கரணத்தோடு சேர்த்தே கூறுகிறது; இஸ்லாமிய நிக்காஹ் சாட்சிகள் முன் கேட்டலும் ஏற்றலும் சொல்லால் நிகழ வேண்டும் என்கிறது. இவை முடிவுக்கு ஒரு நாளையும் ஒரு சொல்லையும் தருகின்றன. ஆனால் மண்டபம் பேசி, அழைப்பிதழ் அச்சிட்டு, உற்றார் வந்து நிறைந்தபின்னரே மணமக்களின் விருப்பம் முதன்முதலாகக் கேட்கப்படுமாயின், அங்கும் தளையே முந்திவிடுகிறது. கேட்க வேண்டிய வேளை அழைப்பிதழ் அச்சேறுவதற்கு முன்பாகும்.