அட்வான்ஸ் எந்தப் பெயரில் போகிறது?

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிந்தாக வேண்டும். ஷரத்துகள் உங்களுக்குப் பாதகமா என்று பார்ப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல. அதைக் கையெழுத்துக்கு முன் நாம்தான் படிக்க வேண்டும்.

உதாரணமாக, ஒரு வீட்டின் விலை 40 லட்சம். அட்வான்ஸ் 10 லட்சம். கெடு 90 நாள். ‘கெடுவுக்குள் கிரயம் முடிக்கத் தவறினால் மேற்படி முன்பணத்தை இழக்க வேண்டியது’ என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கும். எழுத்தர் பழைய நகலிலிருந்து எடுத்துப் போட்டது. வங்கிக் கடன் இரண்டு வாரம் தாமதமானால் அந்த வரியைத்தான் விற்பவர் காட்டுவார்.

1963இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த டெல்லி பங்களா வழக்கு இதற்கு நல்ல பாடம். விலை 1,12,500 ரூபாய். ஒப்பந்த நாளில் 1,000 ரூபாய் உறுதிப் பணம். பிறகு சுவாதீனம் பெறும்போது 24,000. கிரயம் நடக்கவில்லை, 25,000ஐயும் வைத்துக்கொள்வேன் என்றார் விற்பவர். 1,000ஐ மட்டுமே பறிமுதல் செய்யலாம், 24,000 உறுதிப் பணம் அல்ல என்றது நீதிமன்றம். ஆகவே, 10 லட்சத்தில் 1 லட்சம் உறுதிப் பணம், 9 லட்சம் கிரயத் தொகையின் பகுதி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பகுதித் தொகையை இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதும் இருக்கட்டும். விற்பவர் முகம் சுளிப்பார். பேச்சுவார்த்தை அங்கேதான் தொடங்க வேண்டும்.

கெடுவை ஒப்பந்தத் தேதியிலிருந்து எண்ணாமல், மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். இவை இல்லாமல் வங்கி கடன் கோப்பை நகர்த்தாது.

சுவாதீனம் ‘கிரயத்தின்போது’ என்று மட்டும் இருந்தால் போதாது. வாடகைதாரர் குடியிருந்தால், காலி செய்து சாவி தரும் தேதியைப் போட்டு, அதுவரை ஒரு தொகையை நிறுத்திவைக்கலாம் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

தாமதம் தெரிந்த உடனே, கெடு முடியும் முன்பே, ‘பணம் தயார், கிரயத்துக்கு வாருங்கள்’ அல்லது ‘கெடுவை நீட்டித் தாருங்கள்’ என்று ஒப்புகையுடன் தபாலில் கடிதம் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியதை நிரூபிப்பது கடினம். கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட்டால், நீங்கள் தயாராக இருந்தீர்களா என்பதையே நீதிமன்றம் முதலில் பார்க்கும். கடன் அனுமதிக் கடிதமும் வங்கிக் கணக்குப் புத்தகமும் அப்போது பேசும். அந்த வழக்கிலேயே, கிரயம் கிடைக்காவிட்டால் முன்பணத்தையாவது திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்டிருக்க வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தராது. வழக்குப் போட கெடு நாளிலிருந்து 3 ஆண்டுகள் உண்டு.